பத்து நிமிடம், ஒரு படம், பதினைந்து வரி: ஜவ்வரிசிக் களத்தை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

படம் காட்டி உடனே கவிதை எழுதச் சொல்லும் போட்டியில் பத்து நிமிடம் என்று அறிவிப்பார்கள். அதில் யோசிக்கவும் கிறுக்கவும் கிடைப்பது ஏழு நிமிடம்தான். மீதி மூன்று நிமிடம், எழுதியதை நடுவருக்குப் புரியும்படி எடுத்து எழுதவும் ஒருமுறை படித்துப் பார்க்கவும் போய்விடும். இந்தக் கணக்கு தெரியாமல் உட்காருகிறவர்களின் தாளில் முதல் பாதி அழகான கையெழுத்தில் இருக்கும், கடைசி நான்கு வரி கோழிக் கிறுக்கலாக இருக்கும். கவிதையின் கனம் பெரும்பாலும் அந்தக் கடைசி நான்கு வரியில்தான் நிற்கிறது என்பது இதில் உள்ள சிக்கல்.

இங்கே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது திரையில் விழும் நொடியிலிருந்து தாளைக் கொடுக்கும் நொடிவரை என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். பயிற்சிக்காக அமைத்த படம்தான். ஆனால் சேலத்தில் ஒரு கல்லூரி அரங்கிலோ புத்தகத் திருவிழா மேடையிலோ இப்படியொரு படம் திரையில் வந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள்.

படம்

படத்தின் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை. சிமெண்டுக் களம் முழுக்க ஏதோ பரப்பிக் கிடக்கிறது. நடுவில் ஒரு பெண், முதுகு நம் பக்கம். தலையில் துண்டு போட்டிருக்கிறாள், குனிந்து நீளக் கைப்பிடி வைத்த மரப்பலகையை இழுக்கிறாள். அவள் போன வழியில் நேர்நேராக வரிகள் விழுந்திருக்கின்றன. நிழல் குட்டையாகக் காலடியிலேயே கிடக்கிறது. இடது ஓரத்தில் இடுப்பளவு மதில். அதன்மேல் நீல நிறப் பள்ளிப் பை. பின்னால் தூரத்தில் மலைத்தொடர், அதன் உச்சியில் கறுத்த மேகம். களத்தில் மட்டும் பளீர் வெயில்.

போட்டி விதி வழக்கமானது. ஒரே ஒரு தாள், தலைப்பு கட்டாயம், இருபது வரிக்கு மிகக் கூடாது, தாளில் பெயர் எழுதக் கூடாது, கொடுத்த எண்ணை மட்டும் எழுத வேண்டும். மரபுக்கும் புதுக்கவிதைக்கும் தனித்தனிப் பரிசு இல்லை.

மணி அடிப்பதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. படம் பத்து நிமிடமும் திரையில் இருக்குமா, ஒரு நிமிடம் காட்டி அணைத்துவிடுவார்களா? தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொள்ளலாமா? முதல் கேள்விக்கு 'அணைத்துவிடுவோம்' என்று பதில் வந்தால், பார்க்கும்போதே ஒற்றைச் சொற்களாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதற்கு 'கூடாது' என்று வந்தால், வரைவைக் குறைத்து மனதிலேயே வரிகளைக் கட்ட வேண்டும். விதி தெரியாமல் தொடங்கி நடுவில் கைதூக்கிக் கேட்டால் அரை நிமிடம் போய்விடும்.

இடம் கிடைத்தால் திரைக்கு நேராக, மூன்றாவது நான்காவது வரிசையில் உட்காரலாம். பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளிறிப்போகும். இந்தப் படத்தில் முதலில் காணாமல் போவது மேகம்தான். ஓரத்திலிருந்து பார்த்தால் அது மலையின் நிழல்போலத் தெரியும். மேகம் தெரியாவிட்டால் இந்தப் படத்தில் கதையே இல்லை.

முதல் நிமிடம்: பேனாவைத் தொடாமல்

முதல் 60 நொடி பேனா மேசையில் இருக்கட்டும். கண் படத்தை நான்கு மூலையிலிருந்தும் உள்நோக்கி வர வேண்டும். பெரும்பாலானோர் நடுவில் இருக்கும் ஆளைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். புகைப்படம் எடுத்தவர் நடுவில் வைத்ததை அரங்கில் இருக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். ஓரத்தில் தற்செயலாக விழுந்ததுபோல் இருக்கும் பொருளில்தான் தனிக்கவிதைக்கு இடம் இருக்கும்.

இந்த நிமிடத்தில்தான் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. வெள்ளைப் பரப்பு, பலகை, வெயில் மூன்றையும் பார்த்ததும் கை 'உப்பளம்' என்று எழுதிவிடும். உப்பு என்றதும் கண்ணீர், வியர்வை, கரிப்பு என்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். கவிதை தானாக எழுதிக்கொள்வதுபோல் தோன்றும். ஆனால் படத்தில் பாத்தி இல்லை, வரப்பு இல்லை, தேங்கிய நீர் இல்லை. கீழே சிமெண்டுத் தளம், சுற்றிலும் மதில், பின்னால் மலை. சேலம் பக்கம் மலையடிவாரத்தில் இப்படி வெள்ளையாகக் காய்வது ஜவ்வரிசி. குச்சிக்கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய மாவைக் குலுக்கி உருட்டி, சூட்டில் வறுத்தபின் களத்தில் கொட்டிக் காயவைக்கிறார்கள். நடுவர்களில் ஒருவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரராக இருந்தால் 'உப்பு' என்ற முதல் வரியிலேயே தாளை ஓரமாக வைத்துவிடுவார்.

என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். 'களம் முழுக்க வெள்ளை' என்று எழுதினால் எந்த நடுவரும் குறை சொல்ல முடியாது. தெரியாத பொருளுக்குப் பெயர் வைத்து அதன்மேல் உவமை கட்டினால் மொத்தமும் சேர்ந்து சரியும்.

இரண்டாம் நிமிடம்: பட்டியலும் அதில் ஒரு முரணும்

இப்போது பேனாவை எடுத்து, தாளின் பின்பக்கம், கண்ணில் பட்டவற்றை மட்டும் எழுத வேண்டும். உணர்ச்சிச் சொல் ஒன்றும் கூடாது.

வெள்ளைக் களம். குனிந்த முதுகு. பலகை. வரிகள். குட்டை நிழல். மதில். நீலப் பை. மலை. கறுத்த மேகம். களத்தில் வெயில்.

பத்து உருப்படி போதும். 'உழைப்பு', 'வறுமை', 'தாய்மை', 'ஏக்கம்' என்று ஏதாவது பட்டியலில் நுழைந்தால் அடித்துவிட வேண்டும். அவை படத்தில் இல்லை, பார்த்தவர் தலையில் இருக்கின்றன. அரங்கில் இருக்கும் மற்றவர்கள் தலையிலும் அவையே இருக்கும். இந்தப் படத்துக்கு ஐம்பது தாள் வந்தால் நிறையத் தாள்கள் 'உழைக்கும் கரங்களே' என்ற தொனியில்தான் தொடங்கும். அவற்றில் எது நன்றாக இருந்தாலும் நடுவருக்கு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரியாது.

தொல்காப்பியம் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற உயிர்கள், பொருள்கள், தொழில்கள் கருப்பொருள். மனிதருக்குள் நடப்பது உரிப்பொருள். படப்போட்டிக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி கிடையாது. முதலையும் கருவையும் படமே கொடுத்துவிடுகிறது: நண்பகல், மலையடிவாரக் களம், பலகை, பை, மேகம். எழுதுகிறவர் கொண்டுவர வேண்டியது உரி ஒன்றைத்தான். அதையும் பெயர் சொல்லாமல் கருப்பொருள் வழியே கொண்டுவர வேண்டும். சங்கப் பாட்டில் தலைவியின் ஏக்கத்தைப் பெரும்பாலும் மழையும் பூவும் பறவையும் சொல்லிவிடும். இங்கே அந்த வேலையைப் பையும் மேகமும் செய்யலாம்.

அடுத்து, பட்டியலில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டைத் தேட வேண்டும். களத்தில் வெயில், மலையில் மேகம் என்பது ஒன்று. இன்னொன்று இதைவிட முக்கியம். நிழல் குட்டையாக இருக்கிறது, அதாவது நண்பகல். நண்பகலில் பள்ளிப் பை ஏன் களத்து மதில்மேல் இருக்கிறது? பைக்கு உரியவர் படத்தில் இல்லையே, எங்கே? இந்தக் கேள்வி கிடைத்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது.

கேள்விக்கு முதலில் வரும் பதிலை எடுக்கக் கூடாது என்பது இந்த நிமிடத்தின் ஒரே கண்டிப்பு. 'பள்ளியை விட்டு நின்ற பிள்ளை' என்பதுதான் முதல் பதில். அது அரங்கில் பலருக்கும் தோன்றும், தோன்றியதும் கவிதை கட்டுரையாகிவிடும். இரண்டாவது பதில், பிள்ளை எங்கோ நிழலில் தூங்குகிறது என்பது. பொய்யில்லை, ஆனால் அதில் எதுவும் நகரவில்லை. மூன்றாவது பதிலுக்கு மேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதி காய்ந்த ஜவ்வரிசிமேல் மழை விழுந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெண்மை மங்கும், விலை போகாது. குனிந்து பலகை இழுக்கிறவளுக்கு மலையைப் பார்க்க நேரமில்லை. அப்படியானால் மேகத்தைப் பார்ப்பது யார்? பைக்கு உரிய பிள்ளை. அதுதான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வேலை. படத்தை நாம் பார்க்கும் இடத்தில்தான் அது நின்றுகொண்டிருக்கிறது.

இப்போது முதுகு, பை, மேகம் மூன்றும் ஒரே நூலில் வந்துவிட்டன. பட்டியலில் மூன்றை இணைக்கும் பதில் கிடைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான்காவது, ஐந்தாவது பதிலைத் தேடுவது ஆசைதான், நேரம் இடம் கொடுக்காது.

மூன்றாம் நிமிடம்: யார் பேசுவது, எங்கே முடிவது

பேசுவது பிள்ளை என்று முடிவானதால் சில விஷயங்கள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன. பிள்ளை 'வெண்முத்துக்கள்' என்று சொல்லாது, 'வாழ்க்கைக் களம்' என்று சொல்லாது. சொற்கள் சிறியவையாக இருக்கும், வாக்கியம் சட்டென்று முடியும். யார் பேசுகிறார் என்று முடிவு செய்யாமல் எழுதினால், முதல் வரியில் கவிஞர் பேசுவார், ஐந்தாவது வரியில் தாய் பேசுவாள், பத்தாவது வரியில் மேகத்தைப் பார்த்து 'மேகமே' என்று யாரோ விளிப்பார். அவசரத்தில் எழுதிய தாள்களில் நடுவர் எளிதில் கண்டுபிடிக்கும் குறை இது.

அடுத்தது முடிவு. முதல் வரியை எழுதுவதற்கு முன்பே கடைசி வரி எங்கே போய் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நேரம் குறைவாக இருக்கும்போது முடிவு தெரியாமல் தொடங்குகிறவர், ஒன்பதாவது நிமிடத்தில் கைக்கு வரும் எந்த அறிவுரையையாவது போட்டு முடிப்பார்.

முடிவைக் கண்டுபிடிக்கப் படக்கவிதைக்கே உரிய ஒரு வழி இருக்கிறது. புகைப்படம் ஒரு நொடியில் உறைந்து நிற்கிறது. அதற்கு அடுத்த நொடி என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். பிள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டது, இன்னும் கத்தவில்லை. அந்த இடைவெளிதான் படம். அடுத்த நொடியில் பிள்ளை கத்தும், அம்மா நிமிர்வாள். படம் முழுக்க முதுகு காட்டிக் குனிந்திருந்தவள் நிமிர்வதுதான் முடிவு. இதில் கண்ணீர் வேண்டாம், மழை விழவும் வேண்டாம்.

முடிவு நிமிர்வது என்றால் தொடக்கம் குனிந்திருப்பது. முதல் வரியும் கிடைத்துவிட்டது.

மூன்றிலிருந்து ஆறு: வரைவு

இப்போது நிறுத்தாமல் எழுத வேண்டும். சொல் சரியில்லை என்று தோன்றினாலும் அடிக்காமல் மேலே போக வேண்டும். கீழே உள்ளது அப்படி எழுதிய வரைவு. தேய்ந்த சொற்கள் அதில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன, ஏனென்றால் வேகத்தில் அவை யாருக்கும் வரும்.

வெள்ளை வெயிலில்
முத்து முத்தாய்க் காய்கிறது ஜவ்வரிசி
அம்மா குனிந்தே இருக்கிறாள்
வறுமை அவள் முதுகில் ஏறி நிற்கிறது
வானம் என் பொறுப்பு
அந்தக் கோடிவரை பலகை இழுத்துப்போய்
இந்தக் கோடிக்குத் திரும்புகிறாள்
மதில்மேல் நீல நிறப் பை
பைக்குள் பாதிக் கணக்கு
என் கனவும் பாதியில்
மலைமேல் கறுத்தால்
நான் கத்த வேண்டும்
தார்ப்பாய் வருவதற்குள்
முதல் சொட்டு விழக்கூடாது
கறுக்கிறது
கத்துகிறேன்
இன்றைக்கு முதல் தடவையாக
அம்மா நிமிர்ந்து வானம் பார்க்கிறாள்
மழையாய் வழிகிறது அவள் கண்ணீர்

பத்தொன்பது வரி. இப்படியே கொடுத்தாலும் பாதிக்கு மேற்பட்ட தாள்களைவிட நன்றாகத்தான் இருக்கும். பரிசுக்கும் ஆறுதலுக்கும் நடுவே இருப்பது அடுத்த ஒரு நிமிடம்.

ஏழாம் நிமிடம்: வெட்டு

வெட்டும்போது ஒவ்வொரு வரியிடமும் ஒரே ஒரு கேள்வி: படம் ஏற்கெனவே சொன்னதையா நீ சொல்கிறாய், அல்லது வாசகர் தாமே உணர வேண்டியதைச் சொல்கிறாயா? இரண்டில் எதற்கு 'ஆமாம்' என்றாலும் வரி போக வேண்டும்.

'வெள்ளை வெயிலில்' படத்திலேயே இருக்கிறது, போகட்டும். 'முத்து முத்தாய்' பிள்ளையின் வாயில் வராத உவமை. ஜவ்வரிசியை முத்தோடு ஒப்பிடாத ஆள் சேலத்தில் இருக்க மாட்டார். ஆனால் ஜவ்வரிசி என்ற சொல் வேண்டும். அது இல்லாவிட்டால் மழைக்கு ஏன் பயம் என்று படத்தைப் பார்க்காத வாசகருக்குத் தெரியாது. அதனால் 'களம் முழுக்க ஜவ்வரிசி' என்று சுருக்கி, பலகை வரிக்கு முன் வைத்துவிடலாம்.

'வறுமை அவள் முதுகில் ஏறி நிற்கிறது' எழுதும்போது நல்ல வரியாகத் தோன்றும். அடிக்கக் கை வராத வரி எதுவோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அம்மா ஏழையா என்று படம் சொல்லவில்லை, பிள்ளையும் அப்படி யோசிக்காது. 'வறுமை' என்ற ஒரு சொல் வந்ததும் அம்மா ஒரு ஆளாக இல்லாமல் தலைப்பாகிவிடுகிறாள். இந்த வரி போனதும் இன்னொரு நன்மையும் நடக்கிறது: 'அம்மா குனிந்தே இருக்கிறாள்', 'வானம் என் பொறுப்பு' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஒன்றால் மற்றது புரிகிறது.

'நீல நிறப் பை' என்பதில் நீலம் எதையும் செய்யவில்லை. 'என் பை' என்று மாற்றினால் பேசுவது யார் என்பது அங்கே உறுதியாகிவிடுகிறது. 'என் கனவும் பாதியில்' முன்வரிக்கு எழுதிய விளக்கவுரை. பாதிக் கணக்கு என்றாலே போதும், அதைக் கனவாக்குவது வாசகரை நம்பாமை. 'நான் கத்த வேண்டும்' என்பதில் 'நான்' தேவையில்லை.

கடைசி மூன்று வரியில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'மழையாய் வழிகிறது அவள் கண்ணீர்' என்பதை அடிப்பதில் தயக்கம் வேண்டாம். முதல் சொட்டு விழக்கூடாது என்று ஐந்து வரிக்கு முன்தான் சொன்னோம். அதற்குள் மழையை உவமையாகவாவது பெய்யவிட்டால் பதற்றம் செத்துப்போகும். 'நிமிர்ந்து வானம் பார்க்கிறாள்' என்பதில் 'வானம் பார்க்கிறாள்' மிகை. இரண்டாவது வரியிலேயே வானம் பிள்ளையின் பொறுப்பு என்று சொல்லியாயிற்று. நிமிர்கிறாள் என்றால் எதைப் பார்க்கிறாள் என்று வாசகர் அறிவார். இனி வரிசை. 'அம்மா நிமிர்கிறாள், இன்றைக்கு முதல் தடவையாக' என்று முடித்தால் எண்ணிக்கை மேலோங்கி, குற்றச்சாட்டுபோல் ஒலிக்கிறது. 'இன்றைக்கு முதல் தடவையாக' முன்னே வந்தால் வாசகர் ஒரு கணம் காத்திருக்கிறார், பிறகு வினை வருகிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்பது இப்படிப்பட்ட இடங்களில் பெரிய வசதி.

ஏழிலிருந்து ஒன்பதரை: எடுத்து எழுதுதல்

என் வேலை

அம்மா குனிந்தே இருக்கிறாள்
வானம் என் பொறுப்பு

களம் முழுக்க ஜவ்வரிசி
அந்தக் கோடிவரை பலகை இழுத்துப்போய்
இந்தக் கோடிக்குத் திரும்புகிறாள்

மதில்மேல் என் பை
பைக்குள் பாதிக் கணக்கு

மலைமேல் கறுத்தால்
கத்த வேண்டும்
தார்ப்பாய் வருவதற்குள்
முதல் சொட்டு விழக்கூடாது

கறுக்கிறது
கத்துகிறேன்

இன்றைக்கு முதல் தடவையாக
அம்மா நிமிர்கிறாள்

15 வரி, தலைப்பு நீங்கலாக 38 சொல். நிமிடத்துக்கு 15 சொல் என்ற நிதானமான வேகத்தில் எழுதினால் இரண்டரை நிமிடம். இதைவிட நீண்ட கவிதை எழுதினால் வரைவுக்கோ வெட்டுக்கோ உரிய நேரத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். விதி இருபது வரி அனுமதிக்கிறது என்பதற்காக இருபதையும் நிரப்ப வேண்டியதில்லை. குறுந்தொகையின் பாட்டுக்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடுகின்றன.

தலைப்பைக் கடைசியில்தான் எழுத வேண்டும், அதற்காகத் தாளின் மேலே இரண்டு வரி இடம் விட்டுத் தொடங்க வேண்டும். 'களத்து மேட்டில்', 'வெள்ளைக் கனவு', 'அம்மா' எல்லாம் கவிதைக்கு எதையும் கூட்டாத தலைப்புகள். 'என் வேலை' என்பது, வேலை செய்வது அம்மா என்று நினைத்துப் படத்தைப் பார்த்தவரைச் சற்றுத் திருப்புகிறது. அது போதும்.

பத்திகளுக்கு நடுவே இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும். 'கறுக்கிறது / கத்துகிறேன்' என்ற இரண்டு வரியும் தனியாக நின்றால்தான் அவற்றின் வேகம் தெரியும். ஒரே கட்டியாக எழுதினால் மேலே உள்ள விதியும் இங்கே நடக்கும் நிகழ்வும் கலந்துவிடும்.

கடைசி அரை நிமிடம் எழுத்துப்பிழைக்கு. எல்லாவற்றையும் பார்க்க முடியாது, எனவே இரண்டை மட்டும் பார்க்கலாம். ஒன்று, வல்லினம் மிகும் இடங்கள்: பாதிக் கணக்கு, கோடிக்குத் திரும்புகிறாள், அந்தக் கோடி. இன்னொன்று ர, ற. இந்தக் கவிதை திரும்பும் இடம் 'கறுக்கிறது' என்ற ஒற்றைச் சொல். அங்கே 'கருக்கிறது' என்று விழுந்துவிட்டால் தமிழாசிரியராக இருக்கும் நடுவர் வேறெதையும் பார்க்க மாட்டார். தாளைக் கொடுப்பதற்கு முன் எண் எழுதியாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத தாளை மதிப்பிட எந்த நடுவருக்கும் வழியில்லை.

மரபில் எழுதலாமா

வெண்பா கைவந்தவர்களுக்கு ஆசை வரும். பத்து நிமிடத்தில் நான்கடி வெண்பாவைத் தளை தட்டாமல் முடிக்கலாம், ஆனால் தினமும் எழுதிப் பழகியவர்களால் மட்டுமே. மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதை இதே கருவில் ஒரு குறள் வெண்பாவை வைத்துப் பார்க்கலாம்:

வானம் எனக்காம் வரப்போகும் கார்மேகம்
தானறியாள் அம்மா தரை

அலகிட்டுப் பார்த்தால் குறையில்லை. தேமா, புளிமா, புளிமாங்காய், தேமாங்காய், கூவிளங்காய், தேமா, மலர். மாவை அடுத்து நிரை, காயை அடுத்து நேர் என்று வெண்டளை சரியாக ஓடுகிறது. வானம், தானறியாள் என்று எதுகை உண்டு, வானம், வரப்போகும் என்று மோனையும் உண்டு. ஆனால் கடைசிச் சீரான 'தரை' எதோடு சேர்கிறது? அம்மாவுக்குத் தரை என்று சொல்ல வந்தது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும் என்பதற்காகப் பாதியில் நின்றுவிட்டது. இலக்கணம் பிழைத்துக்கொண்டது, பொருள் தொங்குகிறது. பழக்கமில்லாதவர் நேர நெருக்கடியில் எழுதும் வெண்பா பெரும்பாலும் இப்படித்தான் முடியும். தளையைச் சரிபார்க்கவே ஏழாம் நிமிடம் முழுவதும் போவதால் வெட்டுவதற்கு நேரம் இருக்காது. ஆசையை அடக்க முடியாதவர்கள் எதுகையை மட்டும் இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு புதுக்கவிதையாகவே எழுதிவிடலாம்.

மனிதர் இல்லாத படம் வந்தால்

மேலே சொன்ன வழி, படத்தில் ஒரு ஆளும் ஒரு செயலும் இருப்பதால் எளிதாக ஓடியது. ஏற்காட்டுப் படம் என்று பனிமூட்டமும் மரமும் மட்டும் போட்டுவிட்டால் சிரமம் கூடும். அப்போது 'இயற்கையே' என்று தொடங்கும் தாள்கள்தான் குவியும். அதிலும் ஓரத்தைத்தான் தேட வேண்டும். மலைப்பாதைப் படமாக இருந்தால் கொண்டை ஊசி வளைவின் எண்பலகை எங்காவது தெரியும். சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையில் இருபது வளைவுகள். பலகையில் 20-க்கு 7 என்பதுபோல் ஒரு எண் தெரிந்தால், ஏறுகிறவருக்கு அது தொடக்கம், இறங்குகிறவருக்கு முடியப்போகிறது. யார் எந்தப் பக்கம் போகிறார் என்று முடிவு செய்ததும் பேசுகிறவர் கிடைத்துவிடுவார். ஏரிப் படமாக இருந்தால் படகைவிட அதைக் கட்டியிருக்கும் கயிற்றைப் பார்க்கலாம். காப்பித் தோட்டமாக இருந்தால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறதா, அதில் சாத்திவைத்த ஏணி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஏணி இருந்தால் அதில் ஏறியவர் எங்கே என்று கேட்கலாம், பைக்குக் கேட்ட அதே கேள்வி. ஓவியமாகவோ வெறும் வண்ணத் திட்டுகளாகவோ படம் வந்தால் இந்தக் கேள்வி உதவாது. அங்கே பொருளைத் தேடாமல் நிறத்தை மட்டும் வைத்து ஐந்தாறு வரியில் முடித்துக்கொள்வது பாதுகாப்பு.

சில போட்டிகளில் தேர்வான கவிதைகளை மேடையில் வாசிக்கச் சொல்வார்கள். இந்தக் கவிதையை நிதானமாக வாசிக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். 'கறுக்கிறது' என்ற வரிக்கு முன் ஒரு மூச்சு விட வேண்டும், 'கத்துகிறேன்' என்பதைக் கத்தி வாசிக்கக் கூடாது. வாசிக்கும் முன் படத்தை விளக்கி ஒரு முன்னுரை சொல்ல வேண்டியதில்லை. படம் திரையில் இருக்கிறது, அவையினர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.